பிரான்ஸ் தபாலகத்தில் லண்டனுக்குப் பார்சல்: கவுன்டரில் என்ன கேட்கிறார்கள்?

மழைக்குருவி:
போன வாரம் லியோனில் இருந்து லண்டனில் இருக்கும் அக்காவுக்கும் அவள் மகளுக்கும் பிறந்தநாள் பார்சல் அனுப்பினேன். பிரெஞ்சில் பேச்சு எப்படிப் போனது என்று எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் "போன்ஜூர் மதாம்". அதைச் சொல்லாமல் விஷயத்துக்குப் போனால் முகமே மாறிவிடும். அப்புறம், "ஜெ வுத்ரே ஆன்வொயே ஆன் கொலி ஆ லெத்ரான்ஜே", அதாவது வெளிநாட்டுக்கு ஒரு பார்சல் அனுப்ப வேண்டும்.

"பூர் கெல் பெயி?" எந்த நாட்டுக்கு என்றார்.
"பூர் லெ ரொயோம் யூனி."
"மெத்தே-லெ சுர் லா பலான்ஸ், சில் வு ப்ளே."

தராசில் வைத்ததும் திரையை என் பக்கம் திருப்பினார்: 1.780 கிலோ. அடுத்து, "கெஸ்கில்யா ததான்?" உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு பருத்திப் புடவை, ஒரு மர ரயில் என்றேன். "செ பூர் ஆஃப்ரிர்?" என்றார். ஆமாம், கதோ, பரிசுதான். உடனே தெக்லராசியோன் ஆன் துவான், சுங்கப் படிவம், சி.என். 23. நான் இணையத்திலேயே நிரப்பி அச்சிட்டுக் கொண்டு போயிருந்தேன். அவர் வரிவரியாகச் சரிபார்த்துவிட்டு, "பா த பார்ஃபன்? பா த பத்ரி?" என்றார். வாசனைத் திரவியம், பேட்டரி எதுவும் இல்லையே என்று. "நோ." கடைசியாக "சினே இசி", கையெழுத்துப் போட்டேன். ரசீதில் தடமறியும் எண் இருக்கிறது, அதைப் பத்திரமாக வையுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஓரத்துவீட்டுக்காரன்:
லண்டனுக்கு எதற்கு சுங்கப் படிவம்? நான் எத்தனையோ பார்சல் சும்மா முகவரி எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

பழைய தபால்காரர்:
தம்பி, நீங்கள் சொல்வது 2020 வரைக்கும் சரி. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் ஐரோப்பியச் சுங்க எல்லைக்கு வெளியே போய்விட்டது. ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ இன்றும் படிவம் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் சுவிஸுக்கு வேண்டும்.

ஓரத்துவீட்டுக்காரன்:
சரி அண்ணா. ஆனால் படிவத்தில் போடும் எடையும் தராசு எடையும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி விடுவார்கள். அது எனக்கு உறுதியாகத் தெரியும்.

பழைய தபால்காரர்:
அப்படி இல்லை. படிவத்தில் இரண்டு எடை உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் பெட்டி இல்லாத எடை, அப்புறம் மொத்தப் பார்சலின் எடை. புடவை 0.550, ரயில் 0.900 என்றால் கூட்டினால் 1.450 வரும். மீதி 330 கிராம் அட்டைப்பெட்டியும் காகிதமும். அது இயல்பு. பொருள்களின் கூட்டுத்தொகை மொத்த எடையைத் தாண்டினால்தான் சிக்கல்.

தங்கச்சி, விலை எப்படிப் போட்டீர்கள்?

மழைக்குருவி:
புடவை 30 யூரோ, ரயில் 28 யூரோ. கதோ என்ற கட்டத்தில் டிக். கிடைக்காவிட்டால் என்ன செய்ய என்ற இடத்தில், அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பவும்.

பழைய தபால்காரர்:
நல்லது. பலர் 'பரிசுதானே' என்று விலையில் பூஜ்யம் போடுகிறார்கள். சுங்கக்காரர் அதை நம்பமாட்டார், பிரித்துப் பார்த்து அவரே ஒரு விலை வைப்பார். தனியாள் தனியாளுக்கு அனுப்பும் பரிசு 39 பவுண்டு வரை இருந்தால் பிரிட்டனில் வரி இல்லை, ஏறக்குறைய 45 யூரோ. உங்கள் 58 யூரோ மொத்தமாக அதைத் தாண்டுகிறது. ஆனால் இரண்டு பேருக்கான பரிசைத் தனித்தனியாகச் சுற்றி, அவரவர் பெயர் எழுதி, படிவத்திலும் தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொருவருக்கும் அந்த 39 பவுண்டு பொருந்தும்.

மழைக்குருவி:
படிவத்தில் இரண்டையும் தனித்தனியாகத்தான் போட்டேன் அண்ணா, பொட்டலத்திலும் பெயர் இருக்கிறது. பார்ப்போம்.

கடலோரம்:
என் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள். ரெயூனியன் தீவில் இருக்கும் என் நண்பருக்கு பிரான்ஸில் இருந்து பார்சல் அனுப்ப வேண்டும். அதுவும் பிரான்ஸ்தானே, கவுன்டரில் வெளிநாடு என்று சொல்லத் தேவையில்லைதானே?

பழைய தபால்காரர்:
வெளிநாடு என்று சொல்ல வேண்டாம், "பூர் லா ரெயூனியோன்" என்றால் போதும். ஆனால் சி.என். 23 அங்கேயும் கேட்பார்கள். தீவுக்குள் நுழையும் பொருளுக்கு ஒக்த்ருவா த மேர் என்று தனி வரியே இருக்கிறது.

சுமதி_பாரிஸ்:
நான் யாழ்ப்பாணத்துக்கு அம்மாவின் பழைய ஸ்வெட்டர்களை அனுப்பினேன். பழைய துணிக்கு என்ன விலை போடுவது? கவுன்டரில் இருந்த பையன் "கொம் வு வுலே", உங்கள் இஷ்டம் என்று தோளைக் குலுக்கிவிட்டான். நான் ஒன்றுக்கு 5 யூரோ போட்டேன்.

ஓரத்துவீட்டுக்காரன்:
பழையதுக்கு 1 யூரோவே அதிகம் அக்கா.

பழைய தபால்காரர்:
இன்று அதை விற்றால் என்ன கிடைக்குமோ அதைப் போடுங்கள் என்பேன். 5 யூரோ நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்துச் சுங்கம் எப்படிப் பார்க்கும் என்று நான் இங்கிருந்து வாக்குக் கொடுக்க முடியாது.