ஏஜிங் போட்டும் P1 ஏன் 123-ல்தான் முடிகிறது?

ஓஎஸ் லேபுக்கு ப்ரீஎம்ப்டிவ் பிரயாரிட்டி ஷெட்யூலிங்கை சி-யில் சிமுலேட் செய்கிறேன். சின்ன எண்தான் உயர்ந்த முன்னுரிமை. சமமானால் முதலில் வந்த வேலைக்கு சிபியு.

P1 நேரம் 0-ல் வருகிறது. முன்னுரிமை 10, தேவை வெறும் 3 டிக். அதே 0-லிருந்து 4 டிக்குக்கு ஒருமுறை முன்னுரிமை 2 உள்ள, 4 டிக் ஓடும் புது வேலை வந்துகொண்டே இருக்கும். ஏஜிங் இல்லாவிட்டால் P1 கடைசிவரை பட்டினிதான்.

அதனால் ஒவ்வொரு 5 டிக் காத்திருப்புக்கும் எண்ணை ஒன்று குறைத்தேன், ஆனால் 2-க்குக் கீழே போகவிடவில்லை. 40-ல் P1 எட்டு படி ஏறி 2-ஐத் தொட்டு சிபியுவைப் பிடித்துவிடுகிறது. ஆனால் ஒரே ஒரு டிக் ஓடியதும் வெளியே தள்ளப்படுகிறது! அடுத்த டிக் 81-ல், கடைசி 122-ல். பிரிண்ட் போட்டுப் பார்த்ததில், சிபியு கொடுக்கும் இடத்தில் நான் எழுதிய இந்த வரிகள்மேல்தான் சந்தேகம்:

```c
run->prio = run->base;
run->wait = 0;
```

எண் உடனே 10-க்குத் திரும்புவதால், காத்திருக்கும் 2 அதைத் தள்ளிவிடுகிறது. முதல் வரியை எடுத்தால் P1 43-லேயே முடிகிறது. ஆனால் P1-க்கு 30 டிக் தேவை என்று மாற்றினால், அத்தனை டிக்கும் அதுவே பிடித்துக்கொள்கிறது. அவசர வேலைகள் வரிசையில் நிற்கின்றன.

ஏறிய முன்னுரிமையை நான்கைந்து டிக் மட்டும் வைத்திருந்து பிறகு பழைய எண்ணுக்கு மாற்றலாமா? அந்த அளவை எப்படி முடிவு செய்வீர்கள்? வைவாவில் மேடம் நிச்சயம் இதைத்தான் கேட்பார். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.