புதுப்பிப்பு: ஆண்டு விழா மேடை பேனர்

என் பழைய கேள்வி: "மண்டபம் ஊர்ப் பக்கம் பள்ளி விழா. மேடை 24 அடி அகலம், 10 அடி உயரம். டிசைன் 16:9ல் இருக்கிறது. அப்படியே அடிக்கலாமா?"

கூடாது என்று முதலில் சொன்னவர் ஃபிளெக்ஸ் கடை அண்ணன்தான். 24 அடி அகலத்துக்கு 16:9 என்றால் உயரம் பதிமூன்றரை அடி வரும். மூன்றரை அடியை வெட்டணும், இல்லையென்றால் எழுத்தை நசுக்கணும். அதனால் 12:5ல் புதிதாக அடுக்கினோம்.

பி.டி. சார், "எழுத்தைப் பெருசாக்கினா போதும்" என்றார். பாதி சரி. கீழ்ப்பாதியில் வைத்தால் ஆடுகிற பிள்ளைகள் மறைத்துவிடுவார்கள். உச்சியில் ஒட்டினால் தொங்கும் ஜாலர் துணி 'பள்ளி'யில் 'ளி'யின் மேல் வளைவைத் தின்றுவிடும். மேலே ஒன்றரை அடி விட்டு, தலைப்பை ஒரு அடி எழுத்தில், தடித்த கோட்டில் வைத்தோம்.

கடைசி வரிசை 100 அடி. போனைப் படுக்கவைத்து, டிசைனைத் திரை அகலத்துக்கு விரித்து, இரண்டடி தள்ளிப் பிடித்தால் ஏறக்குறைய அங்கிருந்து தெரியும் அளவுதான். தலைப்பு தெளிவு, விருந்தினர் பெயர்கள் எறும்பு வரிசை. அந்தப் பெயர்களை அழைப்பிதழோடு நிறுத்திவிட்டோம்.

கடல்காற்றுக்கு பேனரில் ஓட்டை போடுவதா, பின்னால் சவுக்குக் கம்பு கட்டுவதா? எங்களுக்குள் இன்னும் சண்டை ஓடுகிறது.