பைப் உதாரணம் சொன்னேன், பொடியன் மடக்கிட்டான். உதவி பண்ணுங்க

கணக்கு டீச்சர்: காரைக்குடி பக்கம். அஞ்சாப்பு படிக்கிற தம்பி மகன், எல்லாரும் நெட்டு பாத்தா ஏன் ஸ்லோ ஆகுதுன்னான். மாடி டேங்க்ல இருந்து ஒரே பைப், ரெண்டு குழாய் திறந்தா தண்ணி பாதிப் பாதி, நம்ம 40 எம்பிபிஎஸ்ஸும் அப்படித்தான்னு சொன்னேன். "அப்பா ரூட்டர் இருக்குற முகப்புல எங்கூட உக்காந்து பாத்தா என் கேம் டவுன்லோட் 20 வருது, அப்பத்தா ரெண்டாங்கட்டுல சீரியல் போட்டா மட்டும் 5க்கு எறங்குது, அப்பத்தா குழாய் அம்புட்டு பெருசா?"ன்னான். முழிச்சேன்.

வளவு வாசி: 100 எம்பிபிஎஸ் பிளானா மாத்துங்க டீச்சர், பெரிய பைப் போட்டா சரியாயிரும்.

மோட்டார் மணி: எங்க வீட்லயும் மாடியில தண்ணி வராது, பைப்புல உப்பு அடைச்சிருக்கும், பிளம்பரைக் கூப்பிடுங்க.

ஒயர்மேன்: அண்ணே, இது நெட்டு 😀 டீச்சர், வைஃபை பைப் இல்ல, வளவுக் கிணறு. ஒரே கயிறு, ஒருத்தர் இறைச்சு முடிச்சாத்தான் அடுத்தவங்க. ரூட்டரும் ஒரு நேரத்துல ஒரு போன்கிட்டதான் பேசும். செட்டிநாட்டுச் சுவரு ரெண்டு தாண்டுனா சிக்னல் செத்துரும், அப்ப ரூட்டர் நிதானமா, சொல்லுக்குச் சொல் அழுத்திப் பேசுற மாதிரி வேகத்தைக் குறைச்சுக்கும். ஒரு பாக்கெட் 12,000 பிட்னு வைங்க, பையன் போனுக்கு 60 எம்பிபிஎஸ்ல 0.2 மில்லிசெகண்ட், அப்பத்தா போனுக்கு 6ல 2 மில்லிசெகண்ட். முறை வச்சு ஆளுக்கு ஒண்ணுன்னா ஒரு சுத்துக்கு 2.2, ரெண்டு பேருக்குமே ஐந்தரைக்கு மேல வராது. அப்பத்தா வாளி சின்னது இல்ல, கயித்தை மெதுவா இழுக்கிறாங்க, பின்னால நிக்கிறவன் காத்துக் கெடக்கான். பிளானை 100 ஆக்குனாலும் கயிறு அதேதான். புது ரூட்டர் சிலதுல முறையை நேரத்தால பிரிக்கும், பழசுல இருக்காது. அப்பத்தாவை முகப்புக்குக் கூட்டியாந்து அதே சீரியலைப் போடச் சொல்லுங்க, வேகம் விழலன்னா இதுதான்.

வளவு வாசி: அப்ப ரிப்பீட்டர்?

ஒயர்மேன்: அதுவும் அதே காத்துலதான் பேசும், ஒரே தண்ணியை ரெண்டு தரம் இறைக்கிற கதை. ரெண்டாங்கட்டுக்கு கேபிள் இழுத்து அங்கன ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வைங்க, முன்னால சேனல் 1ன்னா அங்க 6ஓ 11ஓ வைங்க.

கணக்கு டீச்சர்: கூட்டியாந்தோம். அப்பத்தா முனகிக்கிட்டே முகப்புல சீரியல் பாத்தாங்க, டவுன்லோட் 30க்குக் கீழ போகல. பையன் அதுக்குள்ள "அப்பத்தா கயித்தை விடுங்க"ன்னு கத்துறான். ஆனா ராத்திரி ஒம்பதுக்கு லேப்டாப்பைக் கேபிள்ல சொருகி, மத்த போனெல்லாம் அணைச்சும் 15தான் வருது?

ஒயர்மேன்: அது உங்க வீட்டுக்கு வெளிய. அங்க உங்க பைப் கதை பொருந்தும், ஒரு லைனைப் பல வீட்டுக்குப் பிரிச்சிருப்பாங்க. விடிகாலை அஞ்சு மணிக்கு ஒருக்கா அளந்து போடுங்க, பாப்போம்.

கணக்கு டீச்சர்: அளக்குறேன். கேபிளுக்குச் சுவத்துல ஓட்டை போடணும்னு சொன்னேன், தம்பி மூஞ்சியே மாறிருச்சு.