சந்தேகம்: 500 படத்துக்குக் கணக்குப் போட்டேன், கார்டில் 380தான் இருக்கிறது (சூரிய அஸ்தமன டைம்லாப்ஸ்)

வெயில்சாய்

எனக்கு 20 விநாடி வீடியோ வேண்டும், நொடிக்கு 25 ஃப்ரேம். அதனால் 500 படம். இடைவெளி 5 விநாடி வைத்தால் 2500 விநாடி, அதாவது 41 நிமிடம் 40 விநாடி எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். சூரியன் மறைவதற்கு 8 நிமிடம் முன்பு தொடங்கி, கேமராவில் செருகிய இன்டர்வெல் ரிமோட்டில் 5 விநாடி, 500 படம் என்று வைத்தேன். ரிமோட் 500 வரை எண்ணி முடித்துத்தான் நின்றது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் 380 படங்கள்தான். வீடியோ 15 விநாடி சொச்சத்தில் முடிகிறது. அதைவிட உறுத்துவது, முதல் பாதி சீராகப் போகிறது, பிறகு மேகம் திடீரென்று வேகம் பிடிக்கிறது. என் கணக்கில் தப்பா?

மேனுவல் மோட், f/11. வெளிச்சம் குறையக் குறைய ஷட்டரைக் கையால் கூட்டிக்கொண்டே வந்தேன். 3 விநாடி வந்ததும் அங்கேயே நிறுத்திவிட்டு, அதன்பின் ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றினேன்.

ரீல்பெட்டி

எடிட்டிங் மென்பொருளில் ப்ராஜெக்ட் 30 ஃப்ரேமில் இருக்கும், பாருங்க. 25க்குக் கணக்குப் போட்டு 30ல் ஓடவிட்டா வீடியோ சுருங்கிடும். எனக்கு ரெண்டு தடவை நடந்திருக்கு.

வெயில்சாய்

பார்த்துவிட்டேன் நண்பரே, 25தான். 500 படமும் இருந்து 30ல் ஓடியிருந்தால் 16.7 விநாடி வந்திருக்கும். எனக்கு வருவது 15.2. தவிர, கார்டிலேயே படம் குறைவாக இருக்கிறதே.

மாடிவீடு

நான் போனில்தான் டைம்லாப்ஸ் எடுக்கிறேன். ஒரு மணி நேரம் எடுத்தாலும் அரை மணி நேரம் எடுத்தாலும் வீடியோ கிட்டத்தட்ட ஒரே நீளம்தான் வருது. உங்களுக்கும் அதே கோளாறுதானே?

முக்காலி

மாடிவீடு, உங்களுடையது கோளாறே இல்லை. பல போன்களில் பதிவு நீள நீள, போன் தானாகவே இடைவெளியை இரட்டிப்பாக்கி நடுவில் உள்ள படங்களைக் கழித்துவிடும். அங்கே இடைவெளி நம் கையில் இல்லை. வெயில்சாயின் கதை வேறு.

வெயில்சாய், உங்கள் கணக்கு சரி. ரிமோட் எண்ணியது அது அனுப்பிய சமிக்ஞைகளை, கேமரா எடுத்த படங்களை அல்ல. ஒரு படத்தை முடிக்காமல் கேமரா வேலையாக இருக்கும்போது சமிக்ஞை வந்தால், அது வீணாகப் போகும். ரிமோட்டுக்கு அது தெரியாது.

படங்களை வரிசையாக வைத்து, எடுத்த நேரத்தைப் பாருங்கள். எந்தப் படத்திலிருந்து 5 விநாடி இடைவெளி மாறுகிறது? இன்னொன்று, கேமரா மெனுவில் Long Exposure NR போட்டிருந்தீர்களா?

வெயில்சாய்

அண்ணா, அப்படியே இருக்கிறது! 261ஆம் படம் வரை 5, 5, 5 என்று வருகிறது. அதன் பிறகு கடைசி வரை 10, 10, 10. அந்த 261தான் முதல் 3 விநாடிப் படம். நீங்கள் சொன்ன NR போட்டபடியேதான் இருந்தது. இரவில் நட்சத்திரம் எடுக்கப் போட்டதை மறந்துவிட்டேன்.

முக்காலி

அதுதான். அந்த வசதி போட்டிருந்தால், ஒவ்வொரு நீண்ட படத்துக்கும் பின்னால் அதே அளவு நேரம் ஷட்டரை மூடி ஒரு இருட்டுப் படம் எடுத்து, அதை வைத்துப் புள்ளிகளைக் கழிக்கும். 2 விநாடிப் படம் என்றால் மொத்தம் 4 விநாடி, 5க்குள் அடங்கியது. 3 என்றதும் 6 ஆனது. அடுத்த சமிக்ஞை வரும்போது கேமரா இன்னும் இருட்டுப் படத்தில் இருந்தது, அதற்கடுத்ததைத்தான் பிடித்தது. ஒன்றுவிட்டு ஒன்று.

எண்ணிக்கையும் ஒத்துப்போகிறது. முதல் 260 படம் ஒழுங்காக வந்தது. மீதி 240 சமிக்ஞையில் பாதி, 120. கூட்டினால் 380.

இந்த முறை எடுத்ததை வீணாக்க வேண்டாம். முதல் 260 படம் 10.4 விநாடி ஓடும். மீதி 120 படங்களைத் தனி கிளிப்பாக்கி, வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் 9.6 விநாடி. மொத்தம் நீங்கள் கேட்ட 20 கிடைக்கும், மேகமும் ஒரே வேகத்தில் போகும். ஃப்ரேம் ப்ளெண்டிங் போட்டுப் பாருங்கள். வானத்துக்கு ஒத்துவரும். கீழே வண்டி விளக்கு ஏதாவது ஓடினால் இரட்டையாகத் தெரியும்.

ரீல்பெட்டி

ஓ, நான் கார்டு வேகம்னு அடுத்து சொல்ல இருந்தேன். அதுவும் படத்தைத் தவறவிடும், ஆனா இப்படி அச்சு மாறாம 10, 10னு வராது, அங்கங்கே விட்டுவிட்டு வரும். ஒத்துக்கறேன்.

வெயில்சாய்

கணக்கு தெளிவாகிவிட்டது. அடுத்த முறை சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பிருந்து அரை மணி பின்பு வரை வேண்டும், வீடியோ அதே 20 விநாடி. இடைவெளி எவ்வளவு வைக்கலாம்?

முக்காலி

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அஸ்தமனம் உங்களுக்காகக் காத்திருக்காது. முதலில் நடப்பதன் நேரத்தை முடிவு செய்து, அதிலிருந்து இடைவெளிக்கு வர வேண்டும்.

```
இடைவெளி = எடுக்கும் நேரம் ÷ (ஃப்ரேம் × நீளம்)
        = 3600 ÷ (25 × 20) = 7.2 விநாடி
```

7 வையுங்கள். 500 படத்துக்கு 58 நிமிடம் 20 விநாடி. ஆனால் ரிமோட்டில் 500 என்று வைக்காதீர்கள், 570 வையுங்கள். அது 66 நிமிடம் ஓடும். முன்னும் பின்னும் வெட்ட இடம் இருக்கும். மேகம் எப்போது சிவக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வேகம் எப்படி இருக்கும் என்றும் இப்போதே பார்த்துவிடலாம். 7ஐ 25ஆல் பெருக்கினால் 175. வீடியோவின் ஒரு விநாடியில் நிஜத்தில் 175 விநாடி ஓடும். சூரியன் செங்குத்தாக இறங்கும் இடத்தில், அதன் வட்டம் தன் அகலத்துக்கு நகர ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். ஆக, அடிவிளிம்பு தொடுவான் கோட்டைத் தொட்டது முதல் முழுதாக மறைவது வரை உங்கள் வீடியோவில் ஒரு விநாடிகூட இராது. அந்தக் கணம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் 7 அதிகம். சாய்வாக இறங்கும் வடக்கு, தெற்குக் கோடி நாடுகளில் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும்.

NRஐ அணைத்துவிடுங்கள். அணைத்தாலும் எக்ஸ்போஷர் 5 விநாடிக்கு மேல் போக வேண்டாம், படத்தை எழுதக் கேமராவுக்கு இரண்டு விநாடி விடுங்கள்.

தொடுவான்

நான் இதில் மாறுபடுகிறேன். மேகம் வேகமாக ஓடும் நாளில் 7 விநாடி வைத்தால் துள்ளித் துள்ளித்தான் போகும். நான் எப்போதும் 2 விநாடி வைப்பேன். ஒரு மணி நேரத்துக்கு 1800 படம், அப்படியே ஓட்டினால் 72 விநாடி. நீளம் என்றால் எடிட்டிங்கில் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எடுக்காத படத்தைப் பிறகு உண்டாக்க முடியாது.

முக்காலி

சூரியன் மறையும் வரை உங்கள் வழி நல்லது சார். ஆனால் 2 விநாடி இடைவெளியில் எக்ஸ்போஷர் ஒரு விநாடியைத் தாண்டக் கூடாதே. இருட்டிய பின் ஐஎஸ்ஓவை மிக மேலே தள்ள வேண்டி வரும், படம் பொரிப்பொரியாகும்.

தொடுவான்

f/11ஐ விட்டு f/4க்கு வந்தால் மூன்று ஸ்டாப் கிடைக்குமே. நடுவில் மாற்றினால் ஒரு துள்ளல் தெரியும், அதனால் தொடக்கத்திலிருந்தே f/4.

முக்காலி

அப்போது வெயில் இருக்கும்போது ஷட்டர் மிக வேகமாகி, ஒவ்வொரு படமும் உறைந்து நிற்கும். எனக்கு அந்த வெட்டு வெட்டான அசைவு பிடிக்காது. என்டி ஃபில்டர் போட்டால் அதை நடுவில் கழற்ற வேண்டும், கேமரா அசையும். நான் இன்னும் 7 பக்கம்தான்.

வெயில்சாய்

பாதி வேகத்தில் 120 படங்களை ஒட்டிப் பார்த்தேன், சரியாக 20 விநாடி. மேகம் இப்போது துள்ளவில்லை. அடுத்த முறை NR அணைத்து, 5 விநாடி இடைவெளியில் 720 படம் எடுத்துப் பார்க்கிறேன். முழுதாக ஓட்டினால் 28.8 விநாடி வரும், அதிலிருந்து வேண்டிய 500ஐ வெட்டிக்கொள்வேன். எக்ஸ்போஷரை 3க்கு மேல் விடமாட்டேன்.