ரயில் சன்னல் காணொளி: கம்பம் எத்தனை வினாடிக்கு ஒன்று?

பாலக்கோட்டுப் பார்வை: தருமபுரி ரயிலின் சன்னல் காட்சியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் எட்டு வினாடிக் காணொளியாக உருவாக்கியிருக்கிறேன். கட்டளையில் "60 km/h" என்று எழுதினால் போதும், வயலும் கம்பமும் இயல்பான வேகத்தில் ஓடும். "Faint reflection" என்று சேர்த்தால் பயணியின் முகமும் கண்ணாடியில் தெரியும். இதற்கு மேல் எழுதுபவர்கள் வீணாகச் சிரமப்படுகிறார்கள்.

நல்லம்பள்ளி வீடியோக்காரர்: நண்பரே, உங்கள் காணொளியை ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எட்டு வினாடியில் பதினோரு கம்பங்கள் கடக்கின்றன. நேரான பாதையில் மின்கம்பங்களுக்கு இடையே பொதுவாக ஐம்பது முதல் எழுபது மீட்டர் இருக்கும். ஐம்பது என்றே வைத்துக்கொண்டாலும், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்குப் பதினேழு மீட்டர் போகிற வண்டி மூன்று வினாடிக்கு ஒரு கம்பத்தைத்தான் தாண்டும். எட்டு வினாடிக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. உங்கள் கணக்கில் அந்த வண்டி மணிக்கு 240 கி.மீ.க்கு மேல் பறக்கிறது. வேகத்தை எண்ணாக எழுதினால் இந்தக் கருவிகள் அதை நம்பகமாகப் பின்பற்றுவதில்லை. கண்ணுக்குத் தெரிவதை எழுதினால்தான் ஓரளவு கேட்கின்றன.

மொரப்பூரான்: மூன்று வினாடி என்பது உங்கள் ஒற்றைப் பாதைக்கு வேண்டுமானால் பொருந்தும். எங்கள் மொரப்பூர் வழியாகச் சேலம்–ஜோலார்பேட்டை முதன்மைப் பாதையில் விரைவு வண்டிகள் 100 கி.மீ. வேகத்தில் போகின்றன, அங்கே இரண்டு வினாடிக்கு ஒரு கம்பம். தவிரவும், முத்தம்பட்டி, சிவாடிப் பக்கத்து வளைவுகளில் கம்பங்களை நெருக்கமாகத்தான் நட்டிருப்பார்கள். எனவே மூன்று வினாடி என்று அடித்துச் சொல்வது தவறு.

நல்லம்பள்ளி வீடியோக்காரர்: மொரப்பூரான் அவர்களே, வளைவைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, 100 கி.மீ.க்கு இரண்டு வினாடி என்பதும் ஏறக்குறைய சரி. ஆனால் கட்டளையில் எழுதியிருந்தது 60, பின்னணியில் காட்டியிருப்பது பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டம். இரண்டு வினாடியானாலும் பதினோரு கம்பம் வராது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அந்தக் காணொளியில் கம்பமும் தோட்டமும் பின்னால் இருக்கும் மலையும் ஒரே வேகத்தில், ஒரே திரைச்சீலையை இழுப்பதுபோல் நகர்கின்றன. உண்மையில், கேமராவிலிருந்து இரண்டு மீட்டருக்குச் சற்று அப்பால் நிற்கும் கம்பம், வினாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் மூன்று நான்கு பிரேம்களுக்குள் சன்னலைக் கடந்து மறைந்துவிட வேண்டும். அதுவும் கூர்மையாக நிற்காமல் கலங்கிய கோடாகத் தெரிய வேண்டும். ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் செடி கடக்க மூன்றரை வினாடி ஆகும். இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலையோ எட்டு வினாடி முழுவதிலும் சட்டகத்தின் அகலத்தில் பதினேழில் ஒரு பங்குதான் நகரும். முதல் பிரேமையும் கடைசிப் பிரேமையும் அருகருகே வைத்து மலையின் உச்சியைப் பாருங்கள். அது பாதிச் சட்டகம் நகர்ந்திருந்தால், கம்பத்தை எப்படித் திருத்தினாலும் அந்தக் காட்சி பொய்யாகத்தான் இருக்கும்.

காவேரிப்பட்டணம் ஆசிரியை: எனக்கு ஒரு அடிப்படை ஐயம். நான் இளமையில் தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு எத்தனையோ முறை சென்றிருக்கிறேன், எப்போதும் சாதாரணப் பெட்டிதான். சன்னலைத் திறந்து வைத்து, இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்கியபடி போவோம். அங்கே கண்ணாடியே இல்லாதபோது முகம் எதில் பிரதிபலிக்கும்? நீங்கள் எந்தக் கம்பியை எண்ணுகிறீர்கள் என்பதே எனக்கு முதலில் விளங்கவில்லை.

பாலக்கோட்டுப் பார்வை: அம்மா, இது குளிர்சாதனப் பெட்டி; சன்னல் மூடியிருக்கிறது. வீடியோக்காரருக்கு என் படைப்பின் மீது என்ன கோபம் என்று எனக்குத் தெரியும். சென்ற மாதம் அவருடைய ஒகேனக்கல் காணொளியில் தண்ணீர் பஞ்சுபோல் மெல்ல விழுகிறது என்று நான் எழுதியதை அவர் இன்னும் மறக்கவில்லை. என் காணொளியைப் பார்த்த யாரும் கம்பத்தை எண்ணவில்லை. முகம் தெளிவாகத் தெரிகிறது என்றுதான் பாராட்டினார்கள்.

நல்லம்பள்ளி வீடியோக்காரர்: ஒகேனக்கல் பற்றி அந்த இழையிலேயே பதில் எழுதிவிட்டேன், அதை இங்கே இழுக்க வேண்டாம். முகம் தெளிவாகத் தெரிவதுதான் இரண்டாவது தவறு. சாதாரணக் கண்ணாடித் தகடு தன் மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவே திருப்பி அனுப்பும். உச்சி வெயிலில் வெளியே வயல் பளீரென்று இருக்கும்போது அந்த எட்டுப் பங்கு கண்ணுக்கே தென்படாது. மாந்தோப்பு நிழல் குறுக்கிடும்போது முகம் தோன்றி, தோப்பு முடிந்து வானம் வெளுத்ததும் கரைந்துவிட வேண்டும். உங்கள் காணொளியில் நண்பகல் வெயிலில் முகம் சுவரொட்டிபோல் ஒட்டியிருக்கிறது; ஐந்தாம் வினாடியில் அது தக்காளிச் செடிகளோடு சேர்ந்து பின்னோக்கி நகரவும் செய்கிறது. அதற்குப் பிறகு அது பிரதிபலிப்பு அல்ல, தோட்டத்தில் நிற்கும் இன்னொரு பெண்.

அதனால்தான் நான் மாலை நேரத்தைத் தேர்ந்தெடுப்பேன். பெட்டிக்குள் விளக்கும் வெளியே மங்கலும் இருந்தால் முகம் தெரிவதற்குக் காரணம் கிடைக்கும். கேமரா பெட்டியோடு பிணைக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். "static camera" என்று மட்டும் எழுதினால் சில சமயம் வெளிக்காட்சியே உறைந்துவிடுகிறது. நான் பயன்படுத்தும் வாசகம் இது:

```
Camera fixed to the coach, window frame steady in shot.
Dusk. One pole sweeps past every three seconds, motion-blurred.
Tomato fields glide by; distant hills barely move.
Her faint reflection stays in place on the glass.
```

மொரப்பூரான்: மறுபடியும் மூன்று வினாடி! முதன்மைப் பாதையில் இரண்டு என்று நான் சொன்னதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், பிறகு உங்கள் வாசகத்தில் மட்டும் மூன்று எப்படி வந்தது? வேகத்தின் எண்ணைக் கருவி கேட்காது என்கிறீர்கள், வினாடியின் எண்ணை மட்டும் கேட்குமா?

நல்லம்பள்ளி வீடியோக்காரர்: நியாயமான கேள்விதான். வினாடியையும் அது துல்லியமாகக் கேட்பதில்லை; ஒரு முறை இரண்டு கம்பம் வரும், மறுமுறை ஐந்து வரும். ஆனால் கம்பங்கள் அரிதாக வருகின்றன என்பதும், அருகில் விரைவு, தொலைவில் நிதானம் என்ற வேறுபாடும் அந்த வரிகளால் பெரும்பாலும் நிலைக்கின்றன. மலை நகராமல் இருப்பதை முதலில் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன், கம்பத்தைப் பிறகுதான் எண்ணுவேன்.

தோப்புக்கு ஏற்ப முகம் தோன்றி மறைவதை ஒரே கட்டளையில் பெறுவது மிகக் கடினம். அந்த நுணுக்கம் வேண்டுமென்றால், சன்னல் காட்சியைத் தனியாகவும், கறுப்புப் பின்னணியில் அமர்ந்திருக்கும் பெண்ணைத் தனியாகவும் உருவாக்குங்கள். எடிட்டிங் மென்பொருளில் முகத்தை மேல் அடுக்காக வைத்து, "Screen" முறையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை மட்டும் தெரியவிட்டால், இருண்ட தோப்பின் மேல் முகம் தானாகவே துலங்கும், வெளுத்த வானத்தின் மேல் தானாகவே மறையும். முகத்தை இடம்வலமாகத் திருப்ப மறந்தால், பெட்டிக்குள் வலப்பக்கம் மூக்குத்தி அணிந்தவளுக்குக் கண்ணாடியில் இடப்பக்கம் மூக்குத்தி வந்துவிடும்.

பாலக்கோட்டுப் பார்வை: இரண்டு காணொளி செய்து ஒட்டுவது கட்டளை எழுதும் திறமை ஆகாது. அது உங்கள் கல்யாண வீடியோ வேலை. ஒரே கட்டளையில் செய்து காட்டுபவனுக்கும் ஒட்டுப்போடுபவனுக்கும் வேறுபாடு உண்டு.

நல்லம்பள்ளி வீடியோக்காரர்: கல்யாண வீடியோ எடுத்துத்தான் ஷட்டரையும் ஒளியையும் கற்றேன், அதில் எனக்குப் பெருமைதான். கம்பம் கோடாகக் கலங்க வேண்டும் என்பது அங்கே கற்றது.

காவேரிப்பட்டணம் ஆசிரியை: அப்படியானால் திறந்த சன்னலுக்குக் கட்டளை எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லவே இல்லையே. முகம் வேண்டாம், காற்றில் புடவைத் தலைப்பு அசைந்தால் போதும்.

மொரப்பூரான்: முதலில் கம்பம் இரண்டு வினாடியா, மூன்று வினாடியா என்பது முடிவாகட்டும், அம்மா.

பாலக்கோட்டுப் பார்வை: நாளை "60 km/h" என்றே எழுதி, அதே கட்டளையில் இன்னொரு காணொளியைப் பதிவிடுகிறேன். வேண்டியவர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

நல்லம்பள்ளி வீடியோக்காரர்: பதிவிடுங்கள், நான் மலையைத்தான் முதலில் அளப்பேன்.