கலைச்சொல் வேண்டும்: பெயர் தெரியாதவருக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரி

காரிமங்கலத்தார்

அனைவருக்கும் வணக்கம்.

லிப்ரே ஆபிஸின் அஞ்சல் இணைப்புப் பகுதியில் தமிழ்ச் சொற்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே கடிதத்தைப் பலருக்கு அனுப்பும்போது, முகவரிப் பட்டியலில் உள்ள பெயரையும் பாலினத்தையும் வைத்து அதுவே முதல் வரியை அமைத்துக்கொள்ளும். அப்படி அமைக்க வழியில்லாதபோது போடுவதற்கென்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறது. திரையில் அதன் பெயர்:

```
General salutation
```

உள்ளே தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் வாசகங்களில் ‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ ஒன்று. ஆக, பெட்டிக்கு ஒரு பெயர் வேண்டும், உள்ளே போட ஒரு வாசகமும் வேண்டும். பெட்டிக்குப் ‘பொது முகமன்’ என்று வைத்திருக்கிறேன். வாசகத்துக்குச் ‘சம்பந்தப்பட்டவருக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். அதட்டுகிற தொனி வருகிறது. நல்லதாக ஏதாவது சொல்லுங்கள்.

தருமபுரிப் பெரியவர்

தம்பி, இரண்டு வேறு விஷயங்கள் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரியுங்கள். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தாள் பார்த்தே காலம் போனது.

‘டியர் சார் ஆர் மேடம்’ என்பது ஒரு நாற்காலிக்கு எழுதுவது. நாற்காலி எது என்று எழுதுகிறவருக்குத் தெரியும், இன்றைக்கு அதில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதுதான் தெரியாது. ‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ நாற்காலியே தெரியாதபோது எழுதுவது. ஒருவர் தன்னிடம் வேலை பார்த்தார் என்று ஒரு நிறுவனம் தாள் கொடுக்கிறது. அவர் அதை நாளைக்கு வங்கியில் காட்டலாம், வீட்டு வாடகைக்குக் காட்டலாம், அடுத்த கம்பெனியில் காட்டலாம். வாசிக்கப்போவது யார் என்று கொடுத்தவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வரியைப் பல இடங்களில் தாளின் தலையில் நடுவாகப் போடுகிறார்கள். அது கூப்பிடுவதைவிடத் தலைப்புக்குத்தான் நெருக்கம். அதையே வேலைக்கான விண்ணப்பத்தில் போட்டால், ‘நீங்கள் யாராக இருந்தால் எனக்கென்ன’ என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

நம் அலுவலகத் தாள்களிலும் இந்தப் பிரிவினை உண்டு. கடிதம் என்றால் அனுப்புநர், பெறுநர், அப்புறம் ஐயா அல்லது அம்மா, பிறகு பொருள், பார்வை. குறிப்பாணையிலும் செயல்முறைகளிலும் ஐயாவும் இல்லை, அம்மாவும் இல்லை, நேரே விஷயம்தான். சான்றிதழும் அந்த ரகம். ‘சான்றளிக்கப்படுகிறது’ என்று முடியுமே தவிர யாரையும் கூப்பிடாது. தமிழில் ‘பணிச் சான்று’ என்று தலைப்புப் போட்டுவிட்டால் அந்த ஆங்கில வரிக்கு வேலையே இல்லை.

இன்னொன்று, முகமன் வேண்டாம். உபசார வார்த்தை, முகத்துக்கு நேரே புகழ்வது என்ற பொருளெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘பொது விளி’ போதும்.

பாலக்கோடு தமிழாசிரியர்

பொது விளியை வழிமொழிகிறேன். வாசகத்துக்கும் இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. தொல்காப்பியம் விளிமரபில் ‘ஆரும் அருவும் ஈரொடு சிவணும்’ என்கிறது. கூத்தரைக் கூப்பிட்டால் கூத்தீர். அன்புடையாரைக் கூப்பிட்டால் அன்புடையீர். இதே கணக்கில் பெறுநரைக் கூப்பிட்டால் ‘பெறுநீர்’. ஆண் பெண் வேறுபாடு இல்லை, திருநங்கையருக்கும் பொருந்தும், கடிதத்தில் ஏற்கெனவே இருக்கும் சொல்லிலிருந்தே பிறக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

பென்னாகரத்து அக்கா

சார், பெறுநீர் என்று போட்டால் எங்கள் பக்கத்தில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள்.

எனக்கு வேறு ஒரு சந்தேகம். மகனின் கல்விக் கடனுக்காகக் கல்லூரியில் படிப்புச் சான்று வாங்கினோம். அவர்கள் ஒரு வங்கியின் கிளை மேலாளர் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே கடன் ஆகவில்லை. வேறு வங்கிக்கு எடுத்துக்கொண்டு போனால், ‘இது எங்களுக்கு எழுதியது இல்லையே’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி கேட்கும்போது யாருக்கு என்று போடச் சொல்ல வேண்டும்? ஐயாவா, அம்மாவா?

தருமபுரிப் பெரியவர்

அம்மா, யாருக்கு என்றும் போட வேண்டாம் என்று கேளுங்கள். மேலே தலைப்பு, அதற்குக் கீழே பையனின் பெயர், பதிவு எண், படிப்பு, எந்த ஆண்டு, கடைசியில் ‘கல்விக் கடன் பெறும் பொருட்டு வழங்கப்படுகிறது’ என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். வாசிப்பவர் யார் என்று எழுதாமல், எதற்காகக் கொடுத்தது என்று எழுதினால் எந்த வங்கியிலும் காட்டலாம். ஒரு வசதியும் உண்டு: வேறு காரியத்துக்கு அந்தத் தாளைத் திருப்பிவிட முடியாது.

ஆசிரியர் ஐயாவுக்கு: சூத்திரம் சரிதான். ஆனால் ‘ஈர்’ இன்றைக்கு அழைப்பிதழில் போய்த் தங்கிவிட்டது. ஆட்சியருக்கு எழுதும் பட்டா மனுவில் ‘அன்புடையீர்’ என்று ஆரம்பித்தால், காதுகுத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

பர்கூர் மாங்கூழ்க்காரர்

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? ஐயா என்பதே பொதுச்சொல்தான். நாங்கள் வெளிநாட்டுக்கு மாங்கூழ் அனுப்புகிறோம். முன்பின் தெரியாத நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பலாமா என்று கேட்கும் மின்னஞ்சலில் எப்போதும் ‘டியர் சார்’தான். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஓசூர் மொழிபெயர்ப்பாளர்

அண்ணா, அந்தப் பக்கம் கொள்முதல் பார்ப்பவர் பெண்ணாக இருந்தால் குறை சொல்லிப் பதில் எழுதிக்கொண்டிருக்க மாட்டார், அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவார். ‘ஐயா’ பொதுவாகத் தோன்றுவது நமக்கு அது பழகிவிட்டதால். நேரில் ஒரு பெண் வட்டாட்சியரை யாராவது ஐயா என்று கூப்பிடுகிறோமா?

ஆங்கிலக் கடிதத்தில் பெயர் கண்டுபிடிக்க முடிந்தால் பெயர், முடியாவிட்டால் பதவி அல்லது பிரிவு: ‘டியர் பர்ச்சேசிங் டீம்’, ‘டியர் ஹயரிங் மேனேஜர்’. எதுவும் தெரியாத இடத்தில்தான் ‘டியர் சார் ஆர் மேடம்’. பிரிட்டன் வழக்கில் இதற்குக் கடிதத்தின் அடியிலும் ஒரு ஜோடி உண்டு. சார் ஆர் மேடம் என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’, பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. அமெரிக்கர்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, முறையான கடிதத்தில் முதல் வரிக்குப் பின் காற்புள்ளிக்குப் பதிலாக முக்காற்புள்ளி வைப்பார்கள்.

ஓசூரில் கன்னடக் கடிதங்களும் கைக்கு வரும். அவர்கள் ‘மான்யரே’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், யாருக்கும் பொருந்தும். நாமும் ‘மதிப்பிற்குரியீர்’ என்று வைத்துக்கொள்ளலாம். ஈர் விகுதியும் தப்பிக்கும், அழைப்பிதழ் வாடையும் குறைவு.

கிருஷ்ணகிரி நிரலர்

வாசகம் எதுவானாலும், அது எப்போது விழும் என்பதையும் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஓர் உழவர் குழு கூட்ட அறிவிப்பை விரிதாளில் தயாரிக்கிறது. முதல் வரிக்கு அவர்கள் வைத்திருந்த சூத்திரம் இது:

```
=IF(C2="பெ","அம்மா","ஐயா")
```

C நிரலில் பாலினம். ‘பெ’ என்று இருந்தால் அம்மா, மற்ற எல்லாமே ஐயா. அந்த ‘மற்ற எல்லாம்’ என்பதில்தான் சிக்கல். கட்டம் காலியாக இருந்தால் ஐயா. ஒருவர் ‘பெண்’ என்று முழுதாகத் தட்டியிருந்தால் ஐயா. ‘பெ’க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருந்தாலும் ஐயா. விரிதாள் எந்தப் பிழையும் காட்டாது, கடிதமும் ஒழுங்காகவே அச்சாகும். வாங்கியவர் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். மாற்றி எழுதினோம்:

```
=IF(C2="பெ","அம்மா",IF(C2="ஆ","ஐயா","வணக்கம்"))
```

இப்போது சந்தேகமான வரிகளெல்லாம் ‘வணக்கம்’ என்று வந்து நிற்கும். அனுப்பும் முன் அந்தச் சொல்லை மட்டும் வடிகட்டிப் பார்த்தால், பட்டியலில் எங்கெங்கே குறை என்பது தெரிந்துவிடும். பொது விளியின் வேலை இந்தக் கடைசி இடம்தான். அங்கே நிற்கும் சொல் யாருக்குப் போனாலும் உறுத்தக் கூடாது. என் ஓட்டு வணக்கத்துக்கு.

பாலக்கோடு தமிழாசிரியர்

வணக்கம் என்பது விளி அல்ல, வாழ்த்து. விளி என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே விளி இல்லாத ஒன்றைப் போடுவது எப்படி?

தருமபுரிப் பெரியவர்

வணக்கத்துக்கு முன்னால் நான்காம் வேற்றுமை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்: ‘வட்டாட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.’ நம் பதவிப் பெயர்களில் ஆட்சியர், மேலாளர், ஆய்வாளர் என்று பலவும் பலர்பால் வடிவில்தான் இருக்கின்றன, அவற்றில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. ஆங்கிலத்துக்குச் சார், மேடம் என்று தடுமாற்றம் வந்த இடத்தில் நமக்கு ‘அவர்களுக்கு’ என்பதே போதுகிறது. ‘வட்டாட்சியரே’ என்று கூப்பிட்டால்தான் மேடைப் பேச்சு ஆகிவிடுகிறது.

இது புதுப் பழக்கமும் இல்லை. ஆனைமங்கலத்தை நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்குக் கொடுத்த ராஜராஜனின் ஆணையை லெய்டன் செப்பேட்டில் பாருங்கள். ‘நாட்டார்க்கும் பிரமதேயக் கிழவர்க்கும்’ என்று தொடங்கி, ஊரார், நகரத்தார் வரை வரிசையாகப் போகிறது. ஒருவர் பெயரும் இல்லை. யார் யாருக்கு அந்த நிலத்தில் சம்பந்தம் உண்டோ அவர்களுடைய நிலையைச் சொல்லி, ‘க்கு’ சேர்த்திருக்கிறார்கள்.

காரிமங்கலத்தார்

சரி, இப்போதைக்கு இப்படி வைக்கிறேன். பெட்டியின் பெயர் ‘பொது விளி’. முதல் வாசகம் ‘வணக்கம்’. பெரியவர் சொன்ன பதவிப் பெயர் வடிவம் நல்லதுதான், ஆனால் பட்டியலில் பதவிக்கென்று ஒரு நிரல் இருந்தால்தான் மென்பொருளால் அதை அமைக்க முடியும். அதைக் கையால் எழுதுகிறவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ மட்டும் நிற்கிறது. சான்றுக்கு அது தேவையில்லை என்பது புரிகிறது, ஆனால் பெட்டியில் அந்த வரி இருக்கும்வரை தமிழில் ஏதாவது போட்டாக வேண்டும். ‘தொடர்புடையோர் கவனத்திற்கு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பாலக்கோடு தமிழாசிரியர்

‘கவனத்திற்கு’ என்றால் சுற்றறிக்கை. ‘உரியோர்க்கு’ என்று ஒரே சொல்லில் நிறுத்துங்கள், செப்பேட்டு வழிக்கும் அதுதான் பொருந்தும். வணக்கத்தை விளி என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பர்கூர் மாங்கூழ்க்காரர்

உரியோர்க்கு என்றால் யாருக்கு உரியது? சரக்குக்கு உரியவருக்கா, பணத்துக்கு உரியவருக்கா? தொடர்புடையோர் இருக்கட்டும் தம்பி.

பென்னாகரத்து அக்கா

கல்லூரியில் பேசினேன். யார் பெயரும் இல்லாமல் சான்று தர அலுவலகத்தில் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் மேலே ‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ என்று இருந்தால்தான் முதல்வர் கையெழுத்துப் போடுவாராம். போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன், கடன் வரி கீழே இருக்கிறது.