பொருள்: "கொயட் பேட்டர்ன்" - தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வளர்மதி:

நண்பர்களே,

லைட்ஸ் அவுட் புதிரை நேரியல் இயற்கணிதத்தால் தீர்ப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1995இல் டைகர் எலக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட கைவிளையாட்டு இது. 5×5 பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. ஒன்றை அழுத்தினால் அதுவும், அதன் மேல், கீழ், இடம், வலம் உள்ளவையும் நிலை மாறும். எரிந்தது அணையும், அணைந்தது எரியும். கடைசியில் எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

ஒரு பொத்தானை இரண்டு முறை அழுத்துவதும் அழுத்தாமல் விடுவதும் ஒன்றே. அதனால் 0, 1 என்ற இரண்டு எண்கள் போதும்; 1+1=0 என்று வைத்துக்கொள்ளலாம். இதை "ஈருறுப்புக் களம்" என்று எழுதியிருக்கிறேன். எந்தப் பொத்தான் எந்த விளக்கைத் தொடுகிறது என்பதை 25×25 அணியாக எழுதிக் காஸ்ஸியன் நீக்கல் செய்தால் விடை வந்துவிடும். இதுவரை சொற்களில் சிக்கல் இல்லை.

நான் நிற்பது "கொயட் பேட்டர்ன்" என்ற இடத்தில். கீழே 1 உள்ள 12 பொத்தான்களையும் அழுத்திப் பாருங்கள்:

```
1 0 1 0 1
1 0 1 0 1
0 0 0 0 0
1 0 1 0 1
1 0 1 0 1
```

பலகையில் ஒரு விளக்கு கூட மாறியிருக்காது. ஒவ்வொரு விளக்கும் இரட்டைப்படை முறை தொடப்படுகிறது, அல்லது தொடப்படுவதே இல்லை. இதை நிரை நிரலாகத் திருப்பிப் போட்டால் இன்னொன்று கிடைக்கும். இரண்டையும் கூட்டினால் மூன்றாவது. 5×5 பலகையில் வெறுமையைத் தவிர இந்த மூன்றுதான் உண்டு.

"அமைதிக் கோலம்" என்று எழுதிப் பார்த்தேன். அது விளக்கெல்லாம் அணைந்த பலகையைச் சொல்வது போல இருக்கிறது. எனக்கு வேண்டியது அழுத்தும் பொத்தான்களின் பெயர். என்ன சொல்லலாம்?

இராகவன்:

புதுச்சொல் எதற்கு என்று புரியவில்லை. "சுழி வெளி" என்று ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது. அணியால் பெருக்கும்போது சுழியாகிவிடும் திசையன்கள் எல்லாம் அதில் அடங்கும். நீங்கள் சொல்லும் மூன்றும் அதன் உறுப்புகள், அவ்வளவுதான். "சுழிக் கோலம்" என்று முடித்துவிடலாம்.

தவிர, அப்படி ஒன்று இருந்தால் அணிக்கோவை 0 என்று பொருள். நேர்மாறு அணி கிடையாது. அப்போது புதிருக்குத் தீர்வே இருக்காதே? கட்டுரையில் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நசீமா:

இராகவன், முதல் பாதி சரி. இரண்டாவது பாதி அப்படி இல்லை.

நேர்மாறு இல்லை என்றால் எல்லாப் பலகைக்கும் தீர்வு இருக்காது என்றுதான் ஆகும். எந்தப் பலகைக்கும் இருக்காது என்று ஆகாது. இங்கே அணியின் தரம் 23. மொத்தம் 2²⁵ பலகை நிலைகளில் 2²³ நிலைகளை அணைக்க முடியும். அதாவது நான்கில் ஒன்று. அப்படி அணைக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் சரியாக நான்கு தீர்வுகள்: ஒரு தீர்வு கையில் இருந்தால், அதோடு வளர்மதியின் மூன்று கோலங்களில் ஒவ்வொன்றையும் கூட்டி மற்ற மூன்றும் வந்துவிடும்.

எந்த நான்கில் ஒன்று என்பதையும் இதே கோலங்களே சொல்கின்றன. கட்டுரையில் இதற்கு நிறைய இடம் கொடுங்கள். மேலே 1 உள்ள 12 இடங்களில் எத்தனை விளக்கு எரிகிறது என்று மட்டும் எண்ணுங்கள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும், அது தொடும் விளக்குகளில் அந்த 12 இடங்களுக்குள் விழுவது 0 அல்லது 2தான். இடது மேல் மூலையை அழுத்தினால் மூலையும் அதன் கீழுள்ளதுமாக இரண்டு. நடுப்பொத்தானை அழுத்தினால் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆகவே அந்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் கடைசி வரை ஒற்றைப்படைதான். 0 இரட்டைப்படை என்பதால் அங்கே போய்ச் சேரவே முடியாது.

மூலை விளக்கு ஒன்று மட்டும் எரிகிற பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை 1. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் அணையாது. திருப்பிப் போட்ட கோலத்திலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். இரண்டிலும் இரட்டைப்படை வந்தால் தீர்வு உறுதி. ஒற்றை விளக்கு எரியும் 25 பலகைகளில் இந்த இரண்டு சோதனையையும் தாண்டுபவை ஐந்தே: நடு விளக்கு, அப்புறம் அதன் நான்கு மூலைவிட்டத் திசைகளிலும் ஒட்டியுள்ள விளக்குகள்.

சொல்லைப் பற்றி: "சுழி வெளி" என்பது நான்கும் சேர்ந்த கூட்டத்தின் பெயர். நமக்கு வேண்டியது அதன் ஒரு உறுப்புக்கு, இந்தப் புதிரை விளையாடுகிறவர் கையில் எடுக்கக்கூடிய பெயர்.

டேவிட்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் பைத்தானில் இதே நீக்கல் முறையை எழுதியிருக்கிறேன். வலது கீழ் மூலையும் அதன் இடமும் மேலும் உள்ள விளக்குகளுமாக மூன்று எரியும்படி கொடுத்தேன். அந்த மூலையை ஒரு முறை அழுத்தினால் எல்லாம் அணைந்துவிடும், பார்த்தாலே தெரிகிறது. என் நிரலோ 11 பொத்தான்களை அழுத்தச் சொல்கிறது! அழுத்திப் பார்த்தால் அதுவும் அணைகிறது. மட்டு 2 கணக்கில் எங்கோ பிழை என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அக்கா, உங்கள் கோலத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா?

வளர்மதி:

நேரடித் தொடர்பு, டேவிட். நிரலில் பிழை இல்லை. விளக்குகள் அணைகின்றன என்றாலே கணக்கு சரி.

நீக்கல் முடிந்ததும் இரண்டு மாறிகள் கட்டற்று நிற்கும். வழக்கமான வரிசையில் போனால் அவை கடைசி நிரையின் கடைசி இரண்டு பொத்தான்கள். பெரும்பாலானோர் போல நீங்களும் அவற்றுக்கு 0 கொடுத்திருப்பீர்கள். அதாவது "வலது கீழ் மூலையைத் தொடாமல் தீர்த்துக் கொடு" என்று கேட்டுவிட்டீர்கள். என் கோலத்தில் அந்த மூலையும் ஒரு 1. பன்னிரண்டையும் அழுத்தினால் ஒன்றும் மாறாது என்றால், மூலையை விட்டு மீதி 11ஐ அழுத்துவதும் மூலையை மட்டும் அழுத்துவதும் ஒரே வேலையைத்தான் செய்யும். நிரல் கொடுத்தது அந்த 11.

நான்கு தீர்வுகளையும் எடுத்து அழுத்தம் குறைந்ததைத் தேர்ந்துகொண்டால் போதும். உங்கள் பலகைக்கு அவை 1, 11, 11, 17 அழுத்தங்கள்.

```python
best = min([x, x^n1, x^n2, x^n1^n2],
           key=lambda v: bin(v).count("1"))
```

இதில் `x` நீக்கலில் வந்த விடை. `n1`, `n2` இரண்டும் கோலங்கள், 25 பிட் எண்களாக. 5×5இல் தீர்க்கக்கூடிய எந்தப் பலகைக்கும் இப்படித் தேர்ந்த விடை 15 அழுத்தங்களைத் தாண்டாது. 3×3இல் இந்த வேலையே இல்லை, அங்கே நேர்மாறு உண்டு, தீர்வு ஒன்றே. 4×4இல் தீர்வுள்ள ஒவ்வொரு பலகைக்கும் 16 தீர்வுகள் இருக்கும்.

டேவிட்:

நன்றி அக்கா, இப்போது 1 என்றே வருகிறது. சொல் விஷயத்தில் என் ஓட்டு "வீண் அழுத்தம்". அழுத்தியும் பயனில்லை என்பது உடனே புரிகிறது.

நசீமா:

புரிகிறது தம்பி, ஆனால் உங்கள் 11ஐ 1 ஆக்கியதே அந்த "வீண்" அழுத்தம்தானே? அதைக் கூட்டித்தான் குறுகிய தீர்வுக்குப் போகிறோம். பயனில்லை என்று பொருள் தரும் பெயர் வேண்டாம்.

அருணாசலம்:

கணிதம் எனக்கு ஓரளவுதான் எட்டும். சொல்லளவில் ஒன்று சொல்கிறேன். "மாறாக் கோலம்" என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் பொருந்தாது. மாறுதல் தன்வினை, மாறாக் கோலம் என்றால் கோலம் தான் மாறாமல் இருக்கிறது என்றாகும். இங்கே கோலம் பலகையை மாற்றுவதில்லை. ஆகவே பிறவினையில் "மாற்றாக் கோலம்" என்பதே சரி. செய்யுள் வழக்குக்கும் முரணில்லை, பேச்சிலும் வரும்.

இராகவன்:

ஐயா, எழுத்தில் சரி. வகுப்பில் வாயால் சொல்லும்போது மாறா, மாற்றா இரண்டும் மாணவர் காதில் ஒன்றாகத்தான் விழும். "சுழிக் கோலம்" என்றால் நேரியல் இயற்கணிதப் பாடத்தோடு ஒட்டிவிடும். நான் இன்னும் அதன் பக்கம்தான்.

நசீமா:

ஐயா சொன்ன தன்வினை-பிறவினை வேறுபாடு நமக்கு நன்றாக உதவும், அவர் நினைத்ததைவிடக் கூடுதலாகவே. காரணம் சொல்கிறேன்.

நான் மேலே சொன்ன சோதனையில் ஒரே கோலம் இரண்டு வேலை பார்த்தது: அழுத்தினால் பலகையை மாற்றாது, விளக்கை எண்ணினால் ஒற்றை-இரட்டை மாறாது. முதலாவது பொத்தான்களின் கூட்டம், இரண்டாவது விளக்குகளின் கூட்டம். இரண்டும் ஒன்றாக அமைந்ததற்கு ஒரே காரணம் அணி சமச்சீரானது என்பதுதான்: நான் உன் விளக்கைத் தொட்டால் நீ என் விளக்கைத் தொடுவாய். அந்த விதியை உடைத்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

மூன்று பொத்தான், மூன்று விளக்கு. முதல் பொத்தான் 1, 2ஆம் விளக்குகளை மாற்றும். இரண்டாவதும் மூன்றாவதும் 2, 3ஆம் விளக்குகளை மாற்றும். இப்போது பொத்தான் 2, 3 இரண்டையும் அழுத்தினால் ஒன்றும் மாறாது. ஆனால் 2, 3ஆம் விளக்குகளை எண்ணிச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். முதல் பொத்தான் அவற்றில் ஒன்றை மட்டும் தொடுகிறது, எண்ணிக்கை ஒற்றையாகவும் இரட்டையாகவும் மாறிக்கொண்டே இருக்கும். எண்ண வேண்டியது மூன்று விளக்குகளையும். ஒவ்வொரு பொத்தானும் சரியாக இரண்டைத் தொடுவதால் அந்த மொத்தத்தின் ஒற்றை-இரட்டை அப்படியே நிற்கும்.

"சுழிக் கோலம்" என்று வைத்தால் இந்த இரண்டில் எது என்று தெரியாது. "மாற்றாக் கோலம்" பொத்தான்களுக்கு நிற்கட்டும். விளக்குக் கூட்டத்துக்கு வேறொரு சொல் வேண்டும். அதன் எண்ணிக்கையின் இயல்பு மாறுவதில்லை என்பதால், ஐயா வேண்டாம் என்று ஒதுக்கிய தன்வினை அங்கே பொருந்தும் போலிருக்கிறது.

அருணாசலம்:

பொருந்தும். ஆனால் அதையும் கோலம் என்று சொல்ல வேண்டாம். மாற்றாக் கோலம், மாறாக் கோலம் என்று இரண்டும் பக்கத்தில் நின்றால் இராகவன் சொன்ன குழப்பம் இரட்டிப்பாகும். "மாறா எண்கணம்"? கணம் என்பது கூட்டத்தைக் குறிக்கும்.

இராகவன்:

எண்கணம் என்றால் எண்களின் கணம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இது விளக்குகளின் கணம். "சோதனைக் கணம்" எளிது. என்ன வேலை செய்கிறது என்பதும் தெரியும்.

வளர்மதி:

பொத்தான்களுக்கு "மாற்றாக் கோலம்" என்று எழுதிவிடுகிறேன். கட்டுரையில் வருவது சமச்சீர்ப் பலகை மட்டுமே என்றாலும், நசீமா அக்காவின் மூன்று விளக்கு எடுத்துக்காட்டை ஒரு தனிப் பெட்டியாகச் சேர்க்கப்போகிறேன். அங்கே இரண்டாவது சொல் இல்லாமல் முடியாது. இப்போதைக்கு "சோதனைக் கணம்" என்று போட்டு வைக்கிறேன். மூன்று நிறங்களில் சுழலும் விளக்குகளுக்கு மட்டு 3 வரும், ஒற்றை-இரட்டை என்ற பேச்சே அங்கே நிற்காது. அதற்கும் ஒத்துவரும் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.